கட்டன் நிறமும் பால் நிறமும்: கருத்த முகத்தில் ப்ளஷும் கண்மையும் சாம்பல் பூக்காமல் இருக்க

கூடலூரில் எங்கள் பார்லரின் பின்வாசலில் நின்றால் குமுளி மலை நேரெதிரே தெரியும். மாசி, பங்குனியில் அடிவாரத்துத் தோட்டங்களில் சருகு கொளுத்துவார்கள். அந்தப் புகையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். கருத்த மலைக்கு முன்னால் இருக்கும்வரை அது நீலமாகத் தெரியும். மலை விளிம்பைத் தாண்டி வெளுத்த வானத்துக்கு முன்னால் போனதும் அதே புகை பழுப்பாகிவிடும். புகை மாறவில்லை, அதற்குப் பின்னால் இருப்பதுதான் மாறியிருக்கிறது. மிகப் பொடியான துகள்கள் வெளிச்சத்தில் உள்ள நீலத்தை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிக்கும். பின்னணி கருப்பாக இருந்தால் அந்த நீலம்தான் நம் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும்.

கருத்த கன்னத்தில் பேபி பிங்க் ப்ளஷ் போட்டால் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ப்ளஷ் பவுடரில் நிறமி மட்டும் இருப்பதில்லை. டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி, டால்க், மைக்கா எல்லாம் சேர்ந்திருக்கும். மாநிறத்துக்கு மேற்பட்ட வெளுத்த தோல், தன்மேல் விழும் வெளிச்சத்தில் நிறையத் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கூட்டத்தில் இந்த வெள்ளைப் பொடி திருப்பும் வெளிச்சம் தனியாகத் தெரியாது. கருத்த தோலில் மெலனின் அதிகம், அது வெளிச்சத்தைப் பெரும்பாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் மேலே கிடக்கும் வெள்ளைத் துகள் திருப்புவதுதான் கண்ணில் படும். ரோஜா நிறம் அமுங்கிப்போய், நீலம் கலந்த ஒரு சாம்பல் மிஞ்சும்.

எங்கள் பக்கத்தில் இதைப் புரியவைக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. குமுளியில் டீக்கடைக்காரர் "கட்டனா, பாலா?" என்று கேட்பாரே, அதேதான். பால் ஊற்றாத கட்டன் சாயா கண்ணாடி கிளாஸில் செம்பழுப்பாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். பால் ஊற்றினால் நிறமும் வெளுக்கும், கிளாஸுக்கு அந்தப் பக்கமும் மறைந்துவிடும். நிறங்களிலும் கட்டன் உண்டு, பால் உண்டு. பேபி பிங்க் என்பது சிவப்பில் பால் ஊற்றியது. பீச் என்பது ஆரஞ்சில் பால் ஊற்றியது. லாவண்டர் என்பது ஊதாவில் பால் ஊற்றியது. ஒரு ஷேடைப் பார்த்ததும் "இதில் ஊற்றிய பாலை எடுத்துவிட்டால் என்ன நிறம் மிஞ்சும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சுகிற அந்த நிறத்தைத்தான் கருத்த முகத்துக்கு வாங்கவேண்டும். பீச் பிடிக்கும் என்றால் செங்கல் நிறமோ சுட்ட ஆரஞ்சோ வாங்கலாம். பிங்க் பிடிக்கும் என்றால் செம்பருத்திச் சிவப்பு, பீட்ரூட் நிறம். லாவண்டர் பிடிக்கும் என்றால் நம்மூர்ப் பன்னீர் திராட்சையின் நிறம், கடையில் இதை ஒயின் என்றோ பிளம் என்றோ சொல்வார்கள்.

டப்பாவில் பார்க்கும்போது இந்த ஷேடுகள் பயமுறுத்தும். "ஐயோ, இத மூஞ்சில போட்டா தெருக்கூத்துக்காரி மாதிரி இருக்குமேக்கா" என்று சொல்லாத பெண் கிடையாது. கருத்த கன்னத்தில் மெல்லப் பூசிப் பார்த்தால், வெயிலில் மேடேறி வந்தபின் ரத்தம் ஏறின கன்னம் போலத்தான் இருக்கும்.

இனி ஒரு கல்யாணப் பெண்ணை வைத்துச் சொல்கிறேன். வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் லயத்தில் வளர்ந்த பெண், எர்ணாகுளத்தில் வேலை. கல்யாண மண்டபம் கூடலூரில். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் அம்மா, சித்தியோடு ட்ரையலுக்கு வந்தாள். நல்ல கருத்த நிறம், உள்ளே செம்பு ஓடுகிற கருப்பு. தனக்கு வேண்டியதை ஆன்லைனில் பார்த்து அவளே வாங்கிவந்திருந்தாள்: வெள்ளையாகப் படியும் சன்ஸ்கிரீன் ஒன்று, தன் நிறத்தைவிட ஒரு படி வெளுத்த காம்பாக்ட், பீச்சும் பிங்க்கும் கலந்த ப்ளஷ், ஒரு கருப்புக் காஜல் பென்சில். அவள் ஆசையைக் கெடுப்பானேன் என்று அதையே போட்டுவிட்டேன். அது என் தப்பு, முதலில் கையில் தடவிக் காட்டியிருக்கவேண்டும். கண்ணாடியைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. சித்திதான் சொன்னார்: "என்னக்கா, புள்ள காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மாதிரில்ல இருக்கா?"

காய்ச்சல் என்று அவர் சொன்னது சரியான சொல். கன்னத்தில் சாம்பல், கண்ணுக்குக் கீழே கருப்பு, இரண்டும் சேர்ந்தால் முகம் சோர்ந்து கீழே தொங்குகிற மாதிரி ஆகிவிடும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, எந்தப் பொருள் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் ப்ளஷ். அவள் கொண்டுவந்ததை ஒரு விரலில் தொட்டு, முன்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். உள்பக்கத்தில் இழுக்கக்கூடாது. மணிக்கட்டின் உள்பக்கம் பலருக்கும் முகத்தைவிட வெளுத்திருக்கும், அங்கே எல்லா ஷேடும் அழகாகத்தான் தெரியும். கடைகளில் விற்கிற பெண்கள் அங்கே தடவிக் காட்டுவதால்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். இழுத்த கோட்டை இன்னொரு விரலால் நாலைந்து தடவை தேய்த்துப் பரப்பினேன். இப்போது நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்க்கவேண்டும். பவுடர் மெலிந்து முடிகிற அந்த ஓரத்தில், சிலேட்டை ஈரமில்லாமல் அழித்தால் தெரியுமே ஒரு வெளுப்பு, அது தெரிந்தால் அந்த ஷேடில் உங்களுக்கு வேண்டியதற்கு மேல் பால் இருக்கிறது. ஓரத்திலும் அது சிவப்பாகவோ செங்கலாகவோ மெலிந்து தோலோடு கலந்தால் பரவாயில்லை. அவளுடையது அப்பட்டமாகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

சித்திக்கு அது தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்றார். அப்போது போன் உதவிக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், அவள் ஒரு கன்னத்தில் அந்த ப்ளஷ், மறு கன்னத்தில் என்னிடமிருந்த செங்கல் நிறம், இரண்டையும் போட்டுப் படம் எடுத்தேன். எடிட்டில் போய்ப் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றினேன். பீச் போட்ட கன்னத்தில் திருநீறு ஒட்டிய மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. செங்கல் போட்ட கன்னத்தில் எங்கே போட்டிருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கருப்பு வெள்ளையில் ப்ளஷ் தோலின் அளவுக்கே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு இழை கருத்திருக்கவேண்டும். தோலைவிட வெளுத்துத் தெரிந்தால் அது முகத்தில் சாம்பலாகும். இந்தச் சோதனை எப்போதும் சரியாக வராது. மினுமினுப்பு உள்ள ப்ளஷில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் ஏமாற்றும். சாயம் அடர்த்தியான பளிச் ஆரஞ்சு சிவப்பு, படத்தில் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தாலும் முகத்தில் சாம்பலாகாது. அதனால் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பதையும் சேர்த்தே செய்யுங்கள்.

மினுமினுப்பு என்றதும் ஒன்று. வெள்ளி, முத்து நிற மினுக்கு பெரும்பாலும் மைக்காவின்மேல் டைட்டானியம் டைஆக்சைடு பூசியதுதான், பால் வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. தங்கம், செம்பு நிற மினுக்கில் இரும்பு ஆக்சைடு சேர்ந்திருக்கும். கருத்த தோலுக்கு அதுதான் ஒத்துப்போகும்.

அடுத்து, செங்கலா திராட்சையா என்று முடிவு செய்யவேண்டும். அண்டர்டோன் என்று இதைச் சொல்வார்கள். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார் என்று வீடியோக்களில் சொல்லிக்கொடுப்பார்கள். கருத்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாது, அதை விட்டுவிடுங்கள். நான் கீழுதட்டை மெதுவாக வெளியே மடித்து உள்பக்கத்தைப் பார்ப்பேன். அங்கே செங்கல் கலந்த சிவப்பு தெரிந்தால் செங்கல், டெரகோட்டா, சுட்ட ஆரஞ்சு பக்கம் போவேன். ஊதா கலந்த ரோஜா தெரிந்தால் பெர்ரி, ஒயின், பிளம். இரண்டும் கலந்த மாதிரி இருந்தால் ஒரு கன்னத்தில் இதும் மறு கன்னத்தில் அதுமாகப் போட்டு, ஆறடி தள்ளி நின்று பார்க்கச் சொல்வேன். எது மேக்கப் போட்டமாதிரி தெரியவில்லையோ அது உங்களுடையது. நம் பெண்ணுக்குச் செங்கல் பக்கம் விழுந்தது.

ஷேடு முடிவானதும் வேலை முடிந்துவிடவில்லை. செங்கல் நிறத்தையே அவளுடைய சன்ஸ்கிரீன், காம்பாக்ட் இரண்டின்மேலும் போட்டுக் காட்டினேன். அதுவும் மங்கிப்போனது. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு வைத்துச் செய்யும் சன்ஸ்கிரீன் பலதும் கருத்த தோலில் வெள்ளைப் படலம் விடும். டால்கம் பவுடரும் அப்படித்தான். கம்பத்துப் பன்னீர் திராட்சையைக் கொடியிலிருந்து பறிக்கும்போது பார்த்திருப்பீர்கள், தோலில் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் ஒரு தடவு தடவினால்தான் அந்தக் கருநீலம் பளிச்சென்று வெளியே வரும். டால்க் போட்ட முகம் அந்தத் துடைக்காத திராட்சைதான். அதன்மேல் எந்த நிறத்தை வைத்தாலும் பூத்தமாதிரிதான் தெரியும். காய்ந்த தோலும் இதையே செய்யும். மேல்தோல் செதில் செதிலாக எழும்பி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். மார்கழிக் காற்றில் கால் முட்டி வெளுத்துப்போவது இதனால்தான்.

ஆகவே அடியில் என்ன போடுவது என்பதை மாற்றினேன். முகம் கழுவி ஈரம் ஒற்றியதும் மாய்ஸ்சரைசர், ஐந்து நிமிடம் காத்திருப்பு. சன்ஸ்கிரீனுக்குப் படலம் விடாத ஜெல் வகை. ஃபவுண்டேஷன் அவள் தாடையோரத்து நிறத்திலேயே, ஒரு படி வெளுப்பாக அல்ல. காம்பாக்டுக்குப் பதிலாக அவள் நிறத்துக்குச் சாயம் சேர்த்த பவுடர், அதுவும் மூக்கு, நெற்றி நடு, நாடி இவற்றில் மட்டும். வெள்ளையாக வரும் "டிரான்ஸ்லூசன்ட்" பவுடரைக் கருத்த முகத்தில் நான் தொடுவதில்லை. கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, ஃப்ளாஷ் அடித்து எடுத்த படத்தில் மாவு கொட்டியமாதிரி வரும். மண்டபத்துக்குப் புறப்படும் முன் இருட்டறையில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ப்ளஷில் பவுடரைவிட க்ரீம் முதலில். க்ரீமில் நிறமி எண்ணெய், மெழுகில் நனைந்து கிடப்பதால் காய்ந்த துகள் மாதிரி வெளிச்சத்தைச் சிதறடிப்பது குறைவு, தோலும் ஊடே தெரியும். அது படிந்தபின் அதே நிறப் பவுடரை லேசாக ஒற்றினால் மதியம்வரை நிற்கும். க்ரீம் ப்ளஷ் தனியாக வாங்கத் தேவையில்லை. செங்கல் நிற லிப்ஸ்டிக் இருந்தால் புறங்கையில் ஒரு புள்ளி தேய்த்து, அதில் ஒரு துளி மாய்ஸ்சரைசரைக் குழைத்து, விரல் நுனியால் கன்னத்தில் தட்டிவிடுங்கள். இந்தப் பெண்ணுக்கு நான் போட்டதும் லிப்ஸ்டிக்தான்.

போடும் இடம். "சிரிங்க" என்று சொல்லி உருண்டு எழும் கன்னத்தில் ப்ளஷ் வைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். சிரிப்பு நின்றதும் அந்த உருண்டை கீழே இறங்கிவிடும், நிறமும் அதோடு இறங்கிவிடும். கண்ணுக்கு முதலில் படுவது அடர்ந்த நிறம் இருக்கும் இடம். அது கீழேயும் மூக்கோரமும் இருந்தால் முகம் கீழே இழுத்தமாதிரி தெரியும், மேலேயும் காதுப்பக்கமும் இருந்தால் முகம் தூக்கினமாதிரி தெரியும். மூக்கின் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். மூக்கின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு துளியும் இறங்கவேண்டாம். பிரஷை ஒரே ஒரு தடவை பவுடரில் தொட்டு, புறங்கையில் தட்டி உதறிவிட்டு, காதுமேட்டுக்கு முன்னால் கன்ன எலும்பின்மேல் முதலில் வையுங்கள். பிரஷில் இருக்கும் அடர்த்தியெல்லாம் அங்கேயே விழும். மிச்சத்தைக் கண்ணின் நடுவுக்கு நேர்கீழ்வரை முன்னால் கொண்டுவந்து கரைக்கலாம், கொஞ்சம் கன்னப்பொட்டுப்பக்கம் மேலேற்றலாம். கட்டன் ஷேடுகளில் அளவுதான் ஆபத்து. போதவில்லை என்றால் இன்னொரு தடவை தொடலாம், கூடிப்போனால் கழுவித்தான் ஆகவேண்டும்.

இனி கண்மை. குமுளிப் பக்கம் கண்மஷி. நிறையப் பேர் "கருப்புக்கு என்ன ஷேடு?" என்று சிரிப்பார்கள். கருப்பிலும் கட்டன் உண்டு, பால் உண்டு.

அவள் பென்சிலை முன்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, இரண்டு நிமிடம் விட்டு, விரலால் ஒரே தடவை இழுவினேன். கோடு இருந்த இடம் கருப்பு, இழுவிய வால்பகுதி சிலேட்டுச் சாம்பல். மெழுகு அதிகமாகவும் நிறமி குறைவாகவும் இருந்தால் இப்படித்தான் ஆகும். கருப்புக்குப் பெரும்பாலும் இரண்டு நிறமிகள் போடுவார்கள். அட்டையில் சி.ஐ. 77499 என்று இருந்தால் கருப்பு இரும்பு ஆக்சைடு, சி.ஐ. 77266 என்று இருந்தால் கார்பன் பிளாக், அதாவது ஒருவகைக் கரி. கரிதான் இரண்டில் ஆழமானது, மெலிந்தாலும் கருப்பாகவே நிற்கும். இரும்பு ஆக்சைடு மெலிந்தால் சாம்பல் பக்கம் சாய ஆரம்பிக்கும். எண்ணைப் படிக்க முடியாவிட்டாலும் இழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். சி.ஐ. 77891 என்பது டைட்டானியம் டைஆக்சைடு, நம் பழைய பால்காரர். கண்மையின் பட்டியலில் அது இருந்தால் கூடுதல் கவனம் வையுங்கள்.

கரி என்றதும் என் பாட்டி ஞாபகம் வருகிறது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை ஊறவைத்துக் காயவைத்து, திரி திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து மை கூட்டுவார். அந்தக் கருப்புக்கு ஈடு கிடையாது, ஒரு மணி நேரத்தில் கன்னம்வரை ஓடிவிடும் என்பதும் உண்மை. சுத்தமாகச் செய்யாவிட்டால் கண்ணுக்குக் கெடுதல் என்பதால் நான் யாருக்கும் போடுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்றே எழுதாமல் விற்கும் சுர்மாவையும் தொடவேண்டாம், சிலவற்றில் ஈயம் கலந்த தாது இருக்கும்.

கருத்த முகத்தில் கண்மை சிக்கலாவது கீழ் இமையில்தான். நம்மில் பலருக்குக் கண்ணைச் சுற்றியுள்ள தோல் பிறவியிலேயே கன்னத்தைவிடக் கருத்திருக்கும். அதற்கு மேல்விளிம்பில் கருப்பு மையை முழுக்க எழுதினால், மை எங்கே முடிகிறது, கருவளையம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. கண் இருக்கும் இடம் ஒரு பள்ளமாகிவிடும். எழுதிய அரைமணி நேரத்தில் அது கொஞ்சம் ஓடினால் பள்ளம் இன்னும் பெரிதாகும். சித்தி சொன்ன காய்ச்சல் பாதி இங்கேதான் இருந்தது.

அதற்காகக் கருவளையத்தை வெளுத்த கன்சீலரால் மூடினார்கள் என்றால் கதை முடிந்தது. கருப்பின்மேல் பால், திரும்பவும் சாம்பல். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டர் ஒரு அரிசி அளவு எடுத்து, உள்கண் ஓரத்திலிருந்து கருத்த இடத்தில் மட்டும் மோதிர விரலால் ஒற்றவேண்டும். கண்ணடியில் தெரியும் கருநீலச் சாயலை ஆரஞ்சு அடக்கிவிடும். தோல் எவ்வளவு கருப்போ அவ்வளவு ஆழமான ஆரஞ்சு வேண்டும், இவளுக்குச் செங்காவிக்குப் பக்கத்தில் போகவேண்டியிருந்தது. அதன்மேல் தோல் நிறக் கன்சீலர் மெல்லிசாக, அவ்வளவுதான்.

மை எழுதியது இப்படி. மேல் இமையின் மயிர்க்காலோரம் நல்ல கருப்பு, உள்ளிருந்து வெளிவரை. கருப்பு மேலே இருந்தால் இமைமயிர் அடர்ந்து கண்ணை மேலே தூக்கும். கீழே கருப்புக்குப் பதிலாக அடர் நீலம், அதுவும் வெளிப்பாதியில் மட்டும். பக்கத்தில் நீலம் இருந்தால் கண்வெள்ளை பளிச்சென்று தெரியும். நீலம் வேண்டாம் என்றால் பிளம் நிறம் எடுக்கலாம், அல்லது காப்பிக்கொட்டை வறுபட்ட அளவுக்கு ஆழமான பழுப்பு. இடைப்பட்ட பழுப்பு வாங்காதீர்கள். அது தோலின் ஆழத்திலேயே இருப்பதால் எழுதியதே தெரியாது, சேறு பட்டமாதிரி ஒரு மங்கல் மட்டும் தெரியும். கண் பெரிதாகத் தெரியவேண்டும் என்று உள்விளிம்பில் வெள்ளைப் பென்சில் போடுவதும் வேண்டாம். ஆசையாக இருந்தால் சந்தன நிறப் பென்சில்.

அவள் அம்மாவுக்கு இதில் மனசு ஒப்பவில்லை. "கல்யாணப் பொண்ணுக்குக் கண்ணு நெறைய மை எழுதாட்டி எப்படித்தா?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். கீழ் இமையின் வெளி மூன்றில் ஒரு பங்குக்கு நீலத்தின்மேல் கருப்பை ஒரு இழை ஓட்டி, வெளிமூலையில் மேல்கோட்டோடு சேர்த்தேன். வாலை இழுக்கும்போது அவளைக் கண்ணைத் திறந்து கண்ணாடியை நேராகப் பார்க்கச் சொன்னேன். மூடிய கண்ணில் இழுத்த வால், திறந்ததும் கீழே விழும். கீழ் இமைக்கோடு இயல்பாக மேலேறிப் போகும் திசையிலேயே, புருவத்தின் முடிவை நோக்கி மூன்று நான்கு மில்லிமீட்டர், அதற்குமேல் இல்லை. எழுதுவதற்கு முன் விளிம்பைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி ஈரத்தை எடுத்தேன், இல்லாவிட்டால் மெழுகுப் பென்சில் வழுக்கி விட்டுவிட்டுப் பிடிக்கும். கருப்பின்மேல் அதே கருப்பு ஐஷேடோவை ஒற்றியதும் அது அசையவில்லை.

ஜன்னலோரத்தில் பார்த்துத் திருப்தியானதும் டியூப்லைட்டுக்குக் கீழேயும் நிற்கவைத்தேன். மண்டபங்களில் இப்போது எல்லாம் வெள்ளை எல்.இ.டி. மலிவான வெள்ளை விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு வெளிச்சம் குறைவு. செங்கல் நிறத்திலுள்ள சிவப்பு செத்து, பழுப்பு மட்டும் மிஞ்சும். இங்கேயும் அப்படித்தான் ஆனது. செங்கலின்மேல் செம்பருத்திச் சிவப்புப் பவுடரை, காதுப்பக்கம் மட்டும், ஒரு தொடல் கூட்டினேன். டியூப்லைட்டில் உயிர் வந்தது, ஜன்னலோரத்தில் கூடுதலாகவும் தெரியவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று எல்லாம் ட்ரையலில் செய்தமாதிரியே போனது, மறுவீட்டுக்குக் கிளம்பும்வரை. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுததில் இடது கண்ணில் கீழ்மை ஓடிவிட்டது. சித்தி பதறி, முந்தானையில் துடைக்கப் போனார். "சித்தி, இருங்க இருங்க, தேய்ச்சிராதீங்க" என்று கையைப் பிடித்தேன். தேய்த்தால் கருப்பு கன்சீலரோடு கலந்து கன்னம்வரை சாம்பல் இழுபடும். காய்ந்த பஞ்சுக்குச்சியை ஓடிய மையின்மேல் வைத்து, துடைக்காமல் உருட்டி உருட்டி எடுத்தேன், இரண்டு குச்சி தேவைப்பட்டது. கொஞ்சம் கருப்புச் சாயல் மிச்சமிருந்தது. அதன்மேல் ஒரு கடுகளவு ஆரஞ்சு, அதன்மேல் ஒரு கடுகளவு கன்சீலர், விரலால் ஒற்றல். பவுடர் போடவில்லை. சித்தி கைப்பையிலிருந்து டால்க் டப்பாவை எடுத்து நீட்டினார், வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.